டிரைவர் உன்னைப் பார்த்தாரா?

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் மைக் போக்குவரத்து உதவி ஆய்வாளரின் கைக்கு வருகிறது. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பேச்சு எப்படிப் போகும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். நாட்டில் ஒரு வருடத்தில் இத்தனை பேர் சாலையில் இறந்தார்கள் என்று ஒரு கணக்கு வரும். பிறகு விதிகளின் பட்டியல், வலக்கையை நீட்டி ஓர் உறுதிமொழி, கைதட்டல். அதன்பின் எல்லோரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அந்த மாவட்டத் தலைநகரப் பள்ளிக்கு வந்தவர் அப்படித் தொடங்கவில்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மட்டும் முதலில் மைதானத்துக்கு அழைத்து வரச் சொன்னார். மைக் வேண்டாம் என்றார். பள்ளி வேன் ஒன்றை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, தானும் அவர்களுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“உங்களை மாதிரியே ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன். சென்னையில. காலையில வேன்ல ஸ்கூலுக்கு வந்தான். இறங்கிட்டான். எதையோ வேன்லயே விட்டுட்டது ஞாபகம் வந்துச்சு. எடுக்கத் திரும்பி ஓடினான். டிரைவர் வண்டியை நகர்த்தினாரு. பையன் வண்டிகிட்ட இருக்கறது அவருக்குத் தெரியல.”

அதற்குமேல் அவர் விவரிக்கவில்லை. 2022 மார்ச் 28 அன்று சென்னை வளசரவாக்கம் பகுதியில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடந்த விபத்து அது. சிறுவன் இறந்துபோனான். “அந்தத் தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போகல” என்ற ஒரே வாக்கியத்தோடு அவர் அதை நிறுத்திக்கொண்டார். ரத்தம், சக்கரம் என்ற சொற்களே அவர் வாயில் வரவில்லை. செல்போனில் படமும் காட்டவில்லை. பேச வருவதற்கு முன்பே வகுப்பு ஆசிரியைகளிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுவைத்திருந்தார்: சாலை விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தை யாராவது இந்தக் கூட்டத்தில் இருக்கிறதா? ஒரு பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார்.

பிறகு கேள்வி வந்தது. “வேன்ல இருந்து இறங்கியாச்சு. தண்ணி பாட்டில் உள்ளேயே இருக்கு. என்ன செய்வ?”

“போய் எடுப்பேன் சார்!” என்று முன்வரிசையில் ஒரு குரல். பாதிப் பிள்ளைகள் அதற்குத் தலையாட்டினார்கள்.

அவர் திட்டவில்லை. “எடுக்கணும்தான். ஆனா வேன்கிட்ட யாரு போகணும்? நீயா, டீச்சரா?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லவேண்டிய பதிலைச் சொல்லிக்கொடுத்தார். “பாட்டில் போச்சு” என்று அவர் சொன்னால், “டீச்சர்கிட்ட சொல்லு!” என்று அவர்கள் கத்த வேண்டும். பாட்டில், லஞ்ச் பேக், பென்சில் பாக்ஸ், செருப்பு என்று பொருள் மாறிக்கொண்டே போனது. பதில் மாறவில்லை. செருப்புக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குள் பதில் ஏழெட்டு முறை வாயில் புரண்டுவிட்டது.

பேச்சின் மையமான பகுதி அடுத்து வந்தது. சுண்ணாம்புத் தூளால் வேனைச் சுற்றி ஒரு பெரிய கட்டம் போட்டார். வேனின் நான்கு பக்கமும் ஏறத்தாழ பத்தடி தள்ளிக் கோடு. ஒரு சிறுமியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தால் அவளுக்கு ஸ்டியரிங்குக்கு மேலே எதுவும் தெரியாது. அதனால் உயரமான பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உட்காரவைத்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை முன் பம்பரை ஒட்டி வரிசையாக நிற்கச் சொன்னார்.

“அண்ணா, உனக்கு முன்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க?”

மாணவன் எட்டி எட்டிப் பார்த்தான். “ரெண்டு பேரோட தலை தெரியுது சார்.”

உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒரே குரலில் “அஞ்சு பேர்! அஞ்சு பேர்!” என்று கத்தினார்கள். அவர்களுக்கு ஐந்து பேரும் கண்ணெதிரே நிற்கிறார்கள். டிரைவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 120 சென்டிமீட்டர். வண்டியின் முன்முகமும் டாஷ்போர்டும் கிட்டத்தட்ட அந்த உயரத்தை மறைத்துவிடுகின்றன. பின்பக்கம் இன்னும் மோசம். வண்டியை ஒட்டி நிற்கும் குழந்தை பக்கக் கண்ணாடி எதிலும் விழாது. டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால் இடது முன்மூலையும் ஒரு குருட்டு மூலைதான். வேனின் கதவோ பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கிறது. இறங்கும் பிள்ளை முதல் அடி வைப்பதே டிரைவருக்குத் தெளிவாகத் தெரியாத இடத்தில்.

ஐந்து பேரையும் அடி அடியாகப் பின்னால் நடக்கச் சொன்னார். ஒவ்வோர் அடிக்கும் கூட்டம் கேட்டது: “டிரைவர் அண்ணா, தெரியுதா?” உள்ளேயிருந்து பதில் வந்தது: “இல்ல... இல்ல... ரெண்டு பேர்... மூணு பேர்...” சுண்ணாம்புக் கோட்டை நெருங்கியபோதுதான் “அஞ்சு பேரும் தெரியுது!” என்றான் அவன். மைதானமே கைதட்டியது.

“கோட்டுக்கு உள்ள நின்னா?”

“தெரியாது!”

“கோட்டுக்கு வெளிய நின்னா?”

“தெரியும்!”

“நீ அவரைப் பார்த்தா போதுமா?”

இங்கே கொஞ்சம் தடுமாற்றம். சிலர் போதும் என்றார்கள். “நீ அஞ்சு பேரையும் பார்த்தியே, அண்ணன் பார்த்தாரா?” என்று அவர் கேட்டதும் பதில் திருந்தியது: “அவரு என்னைப் பார்க்கணும்!” வண்டியை நான் பார்க்கிறேன், அதனால் வண்டிக்கும் நான் தெரிவேன் என்று சின்னக் குழந்தை தானாகவே எண்ணிக்கொள்கிறது. அறிவுரை சொல்லி அந்த எண்ணத்தை மாற்ற முடியாது. அண்ணன் எண்ணியதில் மூன்று தலை குறைந்ததைக் கண்ணால் பார்த்தபோதுதான் அது அசைகிறது.

கூட்டமாகச் சேர்ந்து பதில் சொல்லும் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. அது பாட்டாக மாறிவிடும். பிரிட்டனில் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலை கடப்பதை ராணுவக் கட்டளை பாணியில் கற்றுக்கொடுத்தார்கள். ஓரத்தில் நில், வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடி வலம் பார், நட என்று ஒரு வரிசை. பிள்ளைகள் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஆனால் தலையை இரு பக்கமும் ஆட்டிவிட்டு, எதையும் உண்மையில் பார்க்காமலேயே சாலையில் இறங்கினார்கள். அதனால் 1970-இல் அந்த முறையைக் கைவிட்டு ‘கிரீன் கிராஸ் கோட்’ என்ற புதிய முறைக்கு மாறினார்கள். முதலில் பாதுகாப்பான இடத்தைத் தேடு, நின்று பார், காதால் கேள், காத்திரு என்று குழந்தை தானே முடிவெடுக்கும்படி அது அமைந்தது. அதே காலத்தில் சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டினா சான்டெல்ஸ், சின்னக் குழந்தைகளின் பார்வை, கேள்வி, கவனம் எதுவுமே போக்குவரத்து நெரிசலைச் சமாளிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது என்று தன் ஆய்வுகளில் காட்டினார். எவ்வளவு பாடம் நடத்தினாலும் அந்த வயது வரும்வரை பெரியவர் கை தேவை.

அதனால்தான் சின்ன வகுப்புகளுக்கு உதவி ஆய்வாளர் சாலை கடக்கவே சொல்லித்தரவில்லை. “ரோட்டைத் தாண்டணும். யாரு வேணும்?” “பெரியவங்க!” “பெரியவங்க எங்க பிடிக்கணும்?” என்று கேட்டபோது எல்லாப் பிள்ளைகளும் தங்கள் இடது மணிக்கட்டை வலக்கையால் பிடித்துக் காட்டினார்கள். விரலைப் பிடித்தால் குழந்தை உருவிக்கொண்டு ஓடிவிடும் என்பதால் மணிக்கட்டு.

அடுத்த கூட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. இவர்களில் பலர் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். தனியாகச் சாலை கடக்கிறவர்கள். இவர்களுக்கு அவர் சொன்ன சம்பவம், காவல் நிலையத்தில் திரும்பத் திரும்பப் பதிவாகும் வகையைச் சேர்ந்தது. பஸ் நிற்கிறது. பிள்ளை இறங்குகிறது. வீடோ பள்ளியோ எதிர்ப்பக்கம். நின்றிருக்கும் பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி ஓடுகிறது. பஸ்ஸை முந்திக்கொண்டு வரும் பைக்குக்குப் பிள்ளை தெரியாது. பிள்ளைக்குப் பைக் தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று முதன்முதலில் பார்க்கும்போது நடுவில் இருப்பது இரண்டு மூன்று மீட்டர்.

இந்த இரண்டு மூன்று மீட்டரைப் புரியவைக்க அவர் அளவு நாடாவை எடுத்தார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அந்த 11 மீட்டர் வண்டி வேகம் குறையாமலே வரும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் இன்னும் சுமார் 9 மீட்டர். ஆக மொத்தம் 20 மீட்டர். மைதானத்தில் 20 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு ஒரு மாணவனை அங்கே நிறுத்தினார். “வண்டி 60-ல வந்தா இவன் எங்க நிக்கணும்?”

“30-ல சார்!” என்றார்கள். வேகம் ஒன்றரை மடங்கு என்றால் தூரமும் ஒன்றரை மடங்கு என்பது வகுப்பறைக் கணக்கு. அவர் நாடாவை இழுத்துக்கொண்டே போனார். முதல் நொடியில் 17 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு இன்னும் 20 மீட்டர். நாடா 37-இல் நின்றது. பிரேக் பிடிக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதை எட்டாம் வகுப்புக்கு அவர் சூத்திரமாகச் சொல்லவில்லை. மாணவனை 20-லிருந்து 37 வரை நடக்கவைத்தார். கூட்டம் அடியெண்ணிக்கொண்டே போனது. மழைக்காலத்தில் இது இன்னும் நீளும் என்று சொல்லி, நனைந்த சாலைக்கு வேறொருவனை இன்னும் தள்ளி நிறுத்தினார்.

இப்போது கேள்வியும் பதிலும் வந்தது.

“பஸ் நிக்குது!”

“போகட்டும்!”

“ரோடு மறையுது!”

“தெரியட்டும்!”

“அப்புறம்?”

“பார்த்துப் போவோம்!”

பஸ் கிளம்பிப் போய்விட்டால் இரண்டு பக்கமும் சாலை திறந்துவிடும். அதற்குப் பிடிப்பது அரை நிமிடம். பிள்ளை அந்த அரை நிமிடத்தைக் காத்திருக்கப் பழகிவிட்டால், ஏராளமான மோதல்கள் நடக்கும் சூழலே இல்லாமல் போகிறது.

‘பார்’ என்பதைப் பாட்டாக மாறவிடாமல் இருக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. மைதானத்தில் சுண்ணாம்பால் சாலை வரைந்திருந்தார். அதன் வலக்கோடியிலும் இடக்கோடியிலும் ஒவ்வொரு காவலர் நின்றார். அவர்கள் கையில் லாரி, பைக், ஆட்டோ, ஆம்புலன்ஸ், மாடு என்று படம் வரைந்த அட்டைகள். அட்டை மாறிக்கொண்டே இருக்கும். அவர் “வலது?” என்று கேட்டால், பதில் “பார்த்தேன்” என்று இருக்கக்கூடாது. “லாரி, தூரத்துல!” “மாடு, நிக்குது!” என்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் பார்த்ததாகச் சொல்கிற பிள்ளை இங்கே உடனே மாட்டிக்கொள்ளும்.

ஏன் முதலில் வலம் என்று ஒரு சிறுமி கேட்டாள். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. அதனால் சாலையில் காலை வைத்ததும் மிக அருகில் வருவது வலப்பக்க வண்டிதான். அப்புறம் இடப்பக்கம். மறுபடி வலம் பார்ப்பது, இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று நொடிக்குள் ஒரு பைக் 30 மீட்டர் நெருங்கியிருக்கும் என்பதால். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கக் காவலர் ஓசையில்லாமல் ஒரு பைக் அட்டையோடு பிள்ளையின் காலடிக்கே வந்துவிட்டார். ராங் சைடில், சாலை ஓரத்தை ஒட்டி. ஒருவரும் கவனிக்கவில்லை. “இது புத்தகத்துல இருக்காது, நம்ம ஊர்ல இருக்கும்” என்றார் உதவி ஆய்வாளர். அன்றைக்கு அந்தப் பதிலின் கடைசியில் ஒரு சொல் கூடியது. வலது, இடது, மறுபடி வலது, பிறகு “ராங் சைடு!”

எவ்வளவு இடைவெளி இருந்தால் கடக்கலாம் என்பதுதான் இருப்பதிலேயே கடினமான கேள்வி. இரண்டு வழித்தடச் சாலையின் அகலம் 7 மீட்டர். பிள்ளை நிதானமாக நடந்தால் ஏழு நொடி ஆகும். அந்த ஏழு நொடியில் 40-இல் வரும் வண்டி ஏறக்குறைய 80 மீட்டர் வந்துவிடும். 80 மீட்டரை எந்தப் பிள்ளையாலும் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளி வாசலில் இருந்து 80 மீட்டருக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடிநீர்த் தொட்டி இருப்பதை அவர் முந்தைய நாளே நடந்து பார்த்து வைத்திருந்தார். “தொட்டிக்கு இந்தப் பக்கம் வண்டி இருந்தா?” “நில்லு!” “தொட்டிக்கு அந்தப் பக்கம்னா?” “நட!” “ஓடலாமா?” “கூடாது!” ஓடினால் தடுக்கிவிழும் என்பது ஒரு காரணம். ஓடுகிற பிள்ளைக்குப் பக்கவாட்டில் பார்க்க முடியாது என்பது இன்னொரு காரணம். வண்டி 60-இல் வருகிற புறவழிச்சாலைக்கு இந்தத் தொட்டிக் கணக்கு பொருந்தாது, அங்கே பெரியவர் இல்லாமல் கடக்கவே கூடாது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

பிறகு ஹெல்மெட். “வண்டி ஓட்டுற அப்பாவுக்கு?” “ஹெல்மெட்!” “பின்னாடி உக்காரற அம்மாவுக்கு?” “ஹெல்மெட்!” குரல் கொஞ்சம் குறைந்தது. “நடுவுல உக்காரற உனக்கு?”

பதில் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று காலை இருசக்கர வாகனத்தில் வந்து இறங்கியவர்களைக் கையை உயர்த்தச் சொன்னார். ஏராளமான கைகள். ஹெல்மெட் போட்டு வந்தவர்கள் மட்டும் கையை வைத்திருங்கள் என்றார். கைகள் இறங்கின. மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுபவரின் உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் இடமுண்டு. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் 2023 பிப்ரவரி முதல் தனி விதி இருக்கிறது. குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, அதன் தலை அளவுக்கு ஏற்ற ஹெல்மெட், வண்டியின் வேகம் 40-ஐத் தாண்டாமை ஆகிய மூன்றும் வேண்டும்.

பெரியவர் ஹெல்மெட்டை ஒரு சிறுவன் தலையில் வைத்து, தலையை ஆட்டச் சொன்னார். ஹெல்மெட் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். எல்லோரும் சிரித்தார்கள். அளவான ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையைப் பூட்டினார். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். இப்போது தலையோடு சேர்ந்து ஹெல்மெட்டும் ஆடியது. பூட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று போகும், தலை அதற்குப் பிறகுதான் தரையைத் தொடும்.

இங்கே அவர் இன்னொரு சம்பவத்தைச் சொன்னார். 2022 செப்டம்பர் 4. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத்திலிருந்து மும்பைக்குக் காரில் வருகிறார். மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், சூரியா நதிப் பாலத்தில் கார் மோதுகிறது. காரில் நான்கு பேர். விலை உயர்ந்த, உறுதியான கார். முன் சீட்டில் சீட் பெல்ட் போட்டிருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடாத இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மிஸ்திரி.

“கார் நின்னுடுச்சு. நீ நின்னியா?”

“இல்ல!”

“உன்னை நிறுத்துறது?”

“பெல்ட்!”

அன்றைக்கு ஹெல்மெட்டுக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான் பதிலாக நிலைத்தது. “பின் சீட்டு?” என்றால் “கிளிக்!” “ஹெல்மெட்டு?” என்றாலும் “கிளிக்!” பூட்டும் சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அன்று மாலை வீட்டில் அப்பா வண்டியைக் கிளப்பும்போது, கிளிக் சத்தம் கேட்கவில்லை என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொல்லும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இந்த முறை செல்லாது. பதினைந்து வயதுப் பையன்களைக் கோரஸாகக் கத்தச் சொன்னால் கேலிதான் மிஞ்சும். அவர்களோடு அவர் வகுப்பறையில் உட்கார்ந்தார். சாலையில் அல்ல, நண்பனின் வார்த்தையில்தான் இவர்களுடைய ஆபத்து தொடங்குகிறது. “ஏறுடா, ரெண்டு நிமிஷத்துல போயிடலாம்” என்று மூன்றாவது ஆளாக அழைக்கும்போது என்ன சொல்வாய் என்று கேட்டு, துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார். “அப்பா திட்டுவார்” என்று எழுதியதெல்லாம் நண்பர்களிடம் எடுபடாது என்று மாணவர்களே தள்ளினார்கள். “எனக்கு வேற வேலை இருக்கு, நீ போ”, “பஸ்ல வர்றேன், அங்க பார்க்கலாம்” என்ற இரண்டும் தேறின. ஜோடி ஜோடியாக நின்று அதைச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் தடவை எல்லோருக்கும் சிரிப்பு. மூன்றாம் தடவை குரலில் கொஞ்சம் உறுதி வந்தது.

சட்டத்தையும் அவர்களிடம் முழுதாக வைத்தார். 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு வாங்கும் உரிமம், 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். அதனால் 18 வயதுக்கு முன் அவற்றை ஓட்ட வழியில்லை. சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் 2019-ஆம் ஆண்டு திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. 2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி, பைக்கில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்ததையும், சிறுவனின் தந்தை கைதானதையும் சொன்னார். சிறுவனுக்கு முதலில் கிடைத்த ஜாமீன் நிபந்தனைகளில் 300 வார்த்தைக் கட்டுரை எழுதுவதும் ஒன்று என்றதும் வகுப்பு கொந்தளித்தது. கேள்விகள் சரமாரியாக வந்தன. அரைமணி நேரம் அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

விபத்தைப் பார்த்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பயிற்சி இருந்தது. “108” என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவியை எழுப்பி, தானே 108 ஆளாக மாறி, “எந்த இடம்மா?” என்று கேட்டார். “ஸ்கூல் பக்கத்துல சார்.” “எந்த ஸ்கூல், எந்த ரோடு, எந்த ஊர் போற பக்கம்?” அவளுக்குத் தான் தினமும் வரும் சாலையின் பெயர் தெரியவில்லை. சாலையின் பெயர், பக்கத்தில் இருக்கும் கடை அல்லது கிலோமீட்டர் கல், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் ஆகிய மூன்றையும் அங்கேயே எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அடிபட்டவருக்கு உதவியவரைத் தன் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் 2021 டிசம்பர் முதல் இலவசமாகத் தருகிறது. பணத்தையோ போலீஸையோ நினைத்துத் தயங்க வேண்டியதில்லை என்பதற்காக இரண்டையும் சொன்னார்.

பிள்ளைகள் கலைந்த பிறகு தலைமை ஆசிரியர் அறையில் பேச்சின் இன்னொரு பாதி நடந்தது. அங்கே அவர் சொன்ன சம்பவத்தைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதன்பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. உதவியாளர், அவசரக் கதவு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவை விதிகளில் எழுதப்பட்டன. “அந்தப் பாப்பா ஒரு தப்பும் பண்ணல சார். சீட்டுல உக்காந்திருந்தா. நான் வெளிய சொல்லிக்கொடுத்த எந்தப் பதிலும் அவளுக்கு உதவியிருக்காது” என்றார் அவர்.

எனவே பள்ளிக்கு அவர் கேட்டவை நான்கு. வேன் வளாகத்துக்குள் பின்னால் எடுக்கவே கூடாது, ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போகட்டும். முடியாத இடத்தில் உதவியாளர் இறங்கி நின்று கைகாட்டிய பிறகே நகரட்டும். கடைசிப் பிள்ளை இறங்கியதும் உதவியாளர் உள்ளே போய்ச் சீட்டுகளுக்கு அடியில் பார்த்து, மறந்த பொருள்களை ஆசிரியரிடம் கொடுத்துவிடட்டும். அப்படிச் செய்தால் எந்தப் பிள்ளைக்கும் திரும்பி ஓட வேண்டிய தேவை வராது. நான்காவது, வாசலுக்கு வலப்பக்கம் பெற்றோர் நிறுத்தும் பைக்குகள். அவை அங்கே வரிசையாக நின்றால் சாலை கடக்கும் பிள்ளைக்குக் குடிநீர்த் தொட்டி தெரியாது. காலையில் கற்றுக்கொடுத்த கணக்கு மாலையிலேயே பயனற்றுப் போகும்.

பேச்சு பலித்ததா என்பதைப் பார்க்க இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல், சீருடை இல்லாமல், மாலை நாலேகாலுக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் வந்து உட்காருவது அவர் வழக்கம். கையில் ஒரு சின்ன நோட்டு. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு. பஸ் போகும்வரை நின்றால் ஒரு பக்கம், முன்னால் சுற்றி ஓடினால் மறுபக்கம். தனியாக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் நிற்பதையும், மூன்று நான்கு பேர் பேசிக்கொண்டு வரும்போது முதலில் ஓடுகிறவன் பின்னால் மற்றவர்கள் ஓடிவிடுவதையும் பல பள்ளிகளில் அந்த நோட்டு காட்டியிருக்கிறது. அதனால் இந்தப் பள்ளியில் கூட்டத்துக்கு ஒரு பொறுப்பாளரை வைக்கலாம் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் அவர் முன்கூட்டியே கேட்டுவைத்தார். பஸ் நிறுத்தம் வாரியாக எட்டாம் வகுப்பு மாணவர்களின் பெயர்ப் பட்டியல் அடுத்த நாளே தயாரானது. பைக் நிறுத்தும் இடத்தை மாற்ற ஊராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த மனுவில் தலைமை ஆசிரியரோடு சேர்ந்து அவரும் கையெழுத்துப் போட்டார்.